குரூப்பில் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பழைய மெசேஜ்கள் தெரியுமா?

கேள்வி: "எங்கள் அப்பார்ட்மென்ட் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் புதிதாக வீடு வாங்கியவரைச் சேர்க்க வேண்டும். அந்த வீட்டின் பழைய பாக்கியைப் பற்றியும் அவரைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். சேர்த்தால் அதெல்லாம் அவருக்குத் தெரியுமா? டெலிகிராமுக்கு மாறலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள், அங்கே எப்படி? ஆபீஸ் டீம்ஸில் புதிதாக வந்தவருக்குப் பழையது எல்லாம் தெரிந்ததே, ஏன்?"

வாட்ஸ்அப்பில் பழைய மெசேஜ்கள் தானாகப் போகாது. அவர் குரூப்பைத் திறந்தால், அவரைச் சேர்த்ததாகச் சொல்லும் வரியும் அதற்குப் பிறகு வந்த பேச்சும்தான் இருக்கும். ஆனால் ஏற்கெனவே குரூப்பில் இருப்பவர்கள் செய்யும் சில காரியங்களால் பழையது அவர் கண்ணில் படலாம். உங்கள் விஷயத்தில் கவனிக்க வேண்டியது அதைத்தான். டெலிகிராமில் பதில் ஒன்றல்ல. குரூப் எந்த வகை, அட்மின் என்ன செட்டிங் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். டீம்ஸில் சேர்ப்பவரே அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கிறார். நான் பல ஆண்டுகளாக அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் இந்த மாதிரிச் செயலிகளை அமைத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த வித்தியாசம் எல்லாம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. பழைய மெசேஜ் யாரிடம் இருக்கிறது? வாட்ஸ்அப்பில் அது அவரவர் போனில் மட்டும் இருக்கிறது. மெசேஜ் போய்ச் சேர்ந்ததும் சர்வரிலிருந்து அழிந்துவிடும். ஒருவர் போனை அணைத்து வைத்திருந்தால் அவருக்கு வர வேண்டியது 30 நாள் வரை பூட்டிய நிலையில் சர்வரில் காத்திருக்கும், அதன் பிறகு அதுவும் போய்விடும். ஆகவே புதிதாக வந்தவருக்கு எடுத்துக் கொடுக்க வாட்ஸ்அப் நிறுவனத்திடம் உங்கள் பழைய பேச்சு இல்லை. டெலிகிராம், டீம்ஸ், இன்னொரு ஆபீஸ் செயலியான ஸ்லாக் மூன்றிலும் குரூப் பேச்சு முழுக்க சர்வரில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே காட்டுவதா வேண்டாமா என்பது வெறும் அனுமதி விஷயம், ஒரு செட்டிங்கை மாற்றினால் போதும்.

வாட்ஸ்அப்பில் இன்னொரு தடையும் உண்டு, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். குரூப்பில் பேசும் ஒவ்வொருவரின் போனும் தனக்கென்று ஒரு சாவியை உருவாக்கி, மற்ற உறுப்பினர்களின் போன்களுக்கு ரகசியமாக அனுப்பி வைக்கிறது. அவர் போடும் மெசேஜைத் திறக்க அந்தச் சாவி வேண்டும். ஒவ்வொரு மெசேஜுக்குப் பிறகும் பழைய சாவியிலிருந்து புதிய சாவி கணக்கிடப்படுகிறது. இந்தக் கணக்கு ஒருவழிப்பாதை. அரைத்த மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாதது போல, இன்றைய சாவியை வைத்துக்கொண்டு நேற்றைய சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. புதிதாக வந்தவருக்கு மற்றவர்களின் போன்கள் கொடுப்பது இன்றைய நிலையில் இருக்கும் சாவியை மட்டுமே. எனவே நேற்றைய மெசேஜின் பூட்டிய பிரதி எப்படியோ அவர் கையில் கிடைத்தாலும் அவரால் அதைத் திறக்க முடியாது. யாராவது குரூப்பை விட்டுப் போனால் எல்லோருடைய சாவியும் தூக்கி எறியப்பட்டுப் புதிதாகத் தொடங்கும். போனவர் இனி வருவதைப் படிக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. சிக்னல் செயலியின் குரூப்பிலும் இதே அனுபவம்தான், லிங்க் வழியாக வந்தாலும் நேரடியாகச் சேர்த்தாலும் முன்பு பேசியது தெரியாது.

இந்தச் சாவிப் பரிமாற்றம் சில சமயம் தாமதமாகும். அப்போது புதிதாக வந்தவரின் திரையில் உள்ளடக்கம் இல்லாமல் "Waiting for this message. This may take a while." என்று ஒரு வரி நிற்கும். இதைப் பார்த்துப் பழைய மெசேஜ்தான் மெல்ல இறங்குகிறது என்று பதறிப்போய் என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அது பழைய மெசேஜ் அல்ல. அவர் சேர்ந்த பிறகு போட்ட ஒரு மெசேஜ், சாவி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. அனுப்பியவரின் போன் இணையத்துக்கு வந்ததும் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

இனி உங்கள் குரூப்புக்கு வருவோம். ஓர் உதாரணம் வைத்துக்கொள்ளலாம். செவ்வாய் இரவு செயலாளர், "4பி வீட்டு மெயின்டனன்ஸ் பாக்கி 18,000 ரூபாய். பழைய ஓனர் கைகழுவிவிட்டார். புது ஆள் கட்டுவாரா என்று சந்தேகம்தான்" என்று போடுகிறார். அதற்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் தங்கள் கருத்தைச் சொல்கிறார்கள். புதன் காலை நீங்கள் புது ஓனரைச் சேர்க்கிறீர்கள். இந்த நேரத்தில் அவர் திரையில் செவ்வாய் இரவின் ஒரு வரிகூட இல்லை. புதன் மாலை மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், யதார்த்தமாக, செயலாளரின் அந்த மெசேஜை வலப்பக்கம் இழுத்து, "சார் வந்துட்டாரே, அவரிடமே கேட்டுவிடலாமே" என்று பதில் எழுதுகிறார். இப்போது புது ஓனரின் போனில் என்ன தெரியும்? பதில் மட்டுமல்ல, அதன் தலைக்கு மேல் சின்னக் கட்டத்தில் "4பி வீட்டு மெயின்டனன்ஸ் பாக்கி 18,000 ரூபாய். பழைய ஓனர் கைகழுவிவிட்டார்..." என்று செயலாளரின் பெயரோடு தெரியும். ரிப்ளை செய்யும்போது மேற்கோளாக வரும் பகுதி புதிய மெசேஜுக்குள்ளேயே சேர்ந்து போகிறது. அந்தக் கட்டத்தைத் தட்டினால் அவர் எங்கும் போக முடியாது, மூல மெசேஜ் அவர் போனில் இல்லை. ஆனால் படிக்க வேண்டியதை அதற்குள் படித்திருப்பார்.

நான் பார்த்தவரை வாட்ஸ்அப் குரூப்களில் பழைய பேச்சு வெளியே வருவது அதிகமும் இந்த வழியில்தான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆகவே அவரைச் சேர்ப்பதற்கு முன்பே, பாக்கி பற்றிய மெசேஜ்களுக்கு இனி யாரும் ரிப்ளை செய்ய வேண்டாம், கேட்க வேண்டியதைப் புதிதாக எழுதிக் கேளுங்கள் என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

குரூப் டிஸ்கிரிப்ஷனையும் ஒரு முறை திறந்து பாருங்கள். அது மெசேஜ் அல்ல, குரூப்பின் தகவல். புதிதாக வந்தவருக்கு முழுக்கத் தெரியும். பல அசோசியேஷன் குரூப்களில் பாக்கி வைத்திருக்கும் வீட்டு எண்களையே அங்கே எழுதி வைத்து மறந்திருப்பார்கள்.

அடுத்தது கொஞ்சம் புதிய விஷயம். குரூப்பில் ஒருவரைச் சேர்க்கும்போது, அண்மைய மெசேஜ்களையும் கூடவே அவருக்கு அனுப்பும் வசதியை வாட்ஸ்அப் கொண்டுவந்திருக்கிறது. 25 முதல் 100 மெசேஜ்கள் வரை அனுப்பலாம். அது தானாக நடக்காது, சேர்ப்பவர் கை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்பினால் குரூப்பில் எல்லோருக்கும் அறிவிப்பு வரும். சாதாரண உறுப்பினர்கள் இப்படி அனுப்புவதை அட்மின் தடுக்கலாம். இது எல்லாப் போன்களிலும் ஒரே நாளில் வந்த வசதி அல்ல, படிப்படியாக வந்தது. அதனால் உங்கள் போனில் அந்தக் கேள்வி வரவில்லை என்பதால் மற்றொரு உறுப்பினர் போனிலும் வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாவி விஷயத்தில் முன்பு சொன்னதற்கு இது முரண் அல்ல. சர்வர் எதையும் திறந்து காட்டவில்லை, ஏற்கெனவே படித்தவரின் போன் தன்னிடம் இருப்பதைப் புதிதாகப் பூட்டி அனுப்புகிறது. உங்கள் குரூப்பில் பேச்சு சூடாக நடந்திருக்கிறது என்றால், அவரை அட்மின் ஒருவர் மட்டுமே சேர்க்கட்டும், அந்தத் திரையில் அவசரப்பட்டுத் தட்டாமல் படித்துப் பார்த்துச் சேர்க்கட்டும். சாதாரண உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஆள் சேர்க்கலாம் என்ற நிலையில் குரூப் இருந்தால், குரூப் செட்டிங்கில் அதை அட்மினுக்கு மட்டும் என்று மாற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு, ஸ்க்ரீன்ஷாட் இரண்டையும் நீங்கள் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் முழுப் பேச்சையும் ஒரே கோப்பாக எடுத்துக் கொடுக்கும் Export chat வசதியைத் தடுக்க முடியும். 2025ல் வந்த Advanced chat privacy என்ற செட்டிங்கைக் குரூப்புக்கு இயக்கினால், வாட்ஸ்அப்புக்குள்ளிருந்து எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருப்பவரை இது ஒன்றும் செய்யாது.

சேர்ந்து, விலகி, மறுபடி சேர்ந்தவர் நிலை வேறு. முதல் முறை இருந்தபோது வந்ததெல்லாம் அவர் போனிலேயே இருக்கும், அவராக அழிக்காத வரை. விலகியிருந்த காலத்துப் பேச்சு மட்டும் ஓட்டையாக விடுபட்டிருக்கும். பழைய ஓனரை நீங்கள் குரூப்பிலிருந்து நீக்கினாலும் அவர் இருந்தவரை பேசியது அவரிடம் உண்டு. அதை அவர் புது ஓனரிடம் காட்டுவதை யாரும் தடுக்க முடியாது. உங்கள் கவலை பாக்கி பற்றிய பேச்சு என்றால் இந்த வழியையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராமுக்கு மாறுவது பற்றி: அங்கே போனால் இந்தப் பிரச்சினை குறையாது, கூடத்தான் செய்யும். டெலிகிராமில் இரண்டு வகைக் குரூப் உண்டு. நீங்கள் புதிதாகத் தொடங்குவது சாதாரண குரூப். அதிகபட்சம் 200 பேர். அதில் ஒருவரை நேரடியாகச் சேர்க்கும்போது கடைசி 100 மெசேஜ்கள் வரை அவருக்குத் தெரியும்படி செய்யலாம். நம் உதாரணத்தில் செவ்வாய் இரவுப் பேச்சு பதினைந்து மெசேஜ்தான்; அந்த நூறுக்குள் அது மொத்தமாக வந்துவிடும். வாட்ஸ்அப்பில் இருந்து பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை.

இரண்டாவது வகை சூப்பர்குரூப், 2 லட்சம் பேர் வரை கொள்ளும். குரூப்பின் எடிட் பக்கத்தில் Chat History for New Members என்று ஒரு வரி இருக்கும். அதை Visible என்று மாற்றினால் சாதாரண குரூப் அப்போதே சூப்பர்குரூப்பாக மாறிவிடும், திரும்பச் சாதாரணமாக்க முடியாது. அதன் பிறகு யார் சேர்ந்தாலும், ஆறு மாதம் கழித்துச் சேர்ந்தாலும், தொடக்கம் வரை ஏறிப் போய்ப் படிக்கலாம், தேடிப் பார்க்கலாம். Hidden என்று வைத்தால் சூப்பர்குரூப்பில் புதியவருக்கு முந்தையது தெரியாது. குரூப்பை t.me முகவரியோடு பொதுக் குரூப்பாக வைத்தால் மறைக்கும் வாய்ப்பே இல்லை. சேராதவர்கூட உள்ளே வராமலேயே படிக்கலாம்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. "Visible என்றுதானே வைத்தேன், புதிதாக வந்தவர் இந்த மாதத்துக்கு முந்தையது தெரியவில்லை என்கிறாரே" என்று அட்மின்கள் கேட்பார்கள். குரூப் சாதாரண வகையிலிருந்து சூப்பர்குரூப்பாக மாறிய தேதியைப் பாருங்கள். உள்ளுக்குள் அது புதிய குரூப். மாறுவதற்கு முன் பேசியது பழைய உறுப்பினர்களுக்கு மேலே தொடர்ச்சியாக ஒட்டித் தெரியும், புதியவருக்கு மாறிய நாளிலிருந்துதான் தெரியும். எதுவும் தொலைந்துபோகவில்லை. எல்லோருக்கும் பழையது தேவை என்று நினைக்கும் படிப்புக் குழுக்களுக்கு நான் சொல்வது, முதல் நாளே Visible ஆக்கிவிட்டுப் பிறகு பேசத் தொடங்குங்கள் என்பதுதான்.

டெலிகிராமில் ஒரு நன்மையும் உண்டு. மெசேஜ் சர்வரில் இருப்பதால், அட்மின் அதை அழித்தால் அங்கேயே அழிந்துவிடும், பிறகு வருபவர் கண்ணில் படவே படாது. எத்தனை நாள் பழையதானாலும் அழிக்கலாம். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிக்கச் சுமார் இரண்டு நாள்தான் அவகாசம். அதைத் தாண்டினால் உங்கள் போனில் மட்டும்தான் அழியும், மற்றவர்கள் போனில் அப்படியே இருக்கும், அவர்கள் அதற்கு ரிப்ளையும் செய்யலாம்.

உங்கள் ஆபீஸ் டீம்ஸில் நடந்ததற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்க வேண்டும். குரூப் சாட்டில் ஒருவரைச் சேர்க்கும்போது டீம்ஸ் கேட்கும்: பழைய பேச்சு எதையும் காட்ட வேண்டாமா, கடந்த இத்தனை நாள் மட்டும் காட்டலாமா, முழுவதும் காட்டலாமா என்று. சேர்த்தவர் Include all chat history என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். நாள் கணக்கில் கொடுப்பது நல்ல ஏற்பாடு, வேலையைக் கையளிக்கும்போது கடந்த ஒரு வாரத்தை மட்டும் காட்டினால் போதும். இல்லையென்றால் அது சாட்டே அல்ல, ஒரு டீமின் சேனலாக இருந்திருக்கும். சாதாரண சேனலில் டீமுக்குள் வருகிற எல்லோருக்கும் முதல் நாளிலிருந்து எல்லாம் தெரியும், அங்கே சேர்ப்பவரிடம் எதுவும் கேட்கப்படாது. இரண்டு பேர் மட்டும் பேசிக்கொண்டிருந்த சாட்டில் மூன்றாமவரைச் சேர்த்தால் டீம்ஸ் புதிய சாட் ஒன்றைத் தொடங்கும், இருவர் பேசியது அதற்குள் வராது. இதை உறுதியாகச் சொல்லலாம்.

ஸ்லாக்கில் விதி இன்னும் கடுமை. பிரைவேட் சேனல் என்ற பெயரைப் பார்த்துப் பலர் ஏமாறுகிறார்கள். வெளியே இருப்பவருக்குத்தான் அது பிரைவேட். உள்ளே சேர்த்த அடுத்த நொடி புதியவர் அந்தச் சேனலின் மொத்த வரலாற்றையும் படிக்கலாம். சம்பள உயர்வு, ஆள் எடுப்பது பற்றி மேலாளர்கள் பேசிய சேனலில் பிறகு குழுவினரைச் சேர்ப்பது இதனால்தான் ஆபத்து. அதற்குப் புதுச் சேனல் திறப்பதே சரி. இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தையது யாருக்குமே தெரியாது, அது புதியவருக்கான விதி அல்ல.

மேலே சொன்னதில் எது மாறாது, எது மாறலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப், சிக்னல் இரண்டிலும் சாவி முறை காரணமாகப் பழையது தானாகத் திறக்காது என்பது அடிப்படை அமைப்பு, ஓர் அப்டேட்டில் சத்தமில்லாமல் மாறிவிடும் விஷயம் அல்ல. ஆனால் மெனுவில் இருக்கும் பெயர்கள், சேர்க்கும்போது வரும் கேள்வி, முன்பே டிக் செய்து வரும் தேர்வு எது என்பதெல்லாம் பதிப்புக்குப் பதிப்பு, ஆண்ட்ராய்டு ஐபோன் என்று வேறுபடும். ஆபீஸ் செயலிகளில் நிர்வாகி வைத்த கட்டுப்பாடு வேறு குறுக்கே நிற்கும். அதை உங்கள் ஐ.டி. ஆட்களிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் வீட்டில் இருக்கும் இன்னொரு எண்ணை வைத்துச் சோதித்துப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. உங்கள் எண்ணும் செயலாளர் எண்ணும் மட்டும் உள்ள ஒரு சோதனைக் குரூப் தொடங்குங்கள். மூன்று மெசேஜ் போடுங்கள், ஒரு போட்டோவும் போடுங்கள். பிறகு மூன்றாவது எண்ணைச் சேருங்கள், திரையில் என்ன கேட்கிறது என்று பாருங்கள். அந்த மூன்றாவது போனைத் திறந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். அதன் பிறகு உங்கள் போனிலிருந்து இரண்டாவது மெசேஜுக்கு ரிப்ளை செய்து, மறுபடி மூன்றாவது போனைப் பாருங்கள். டெலிகிராமில் என்றால் நேரடியாகச் சேர்ப்பது, லிங்க் அனுப்பிச் சேரச் சொல்வது இரண்டையும் தனித்தனியாகச் செய்து பாருங்கள், இரண்டுக்கும் முடிவு வேறாக வரலாம்.

பாக்கி, வழக்கு, ஒருவரைப் பற்றிய புகார் மாதிரி விஷயங்களுக்கு, கமிட்டி உறுப்பினர்கள் மட்டும் உள்ள தனிக் குரூப் வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டி மாறும்போது பழைய குரூப்பிலேயே ஆட்களை மாற்றாமல் புதிய குரூப் தொடங்குங்கள். புது ஓனரிடம் அந்த 18,000 ரூபாயைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தால், குரூப்பில் சேர்ப்பதற்கு முன்பே செயலாளர் போனில் கூப்பிட்டுப் பேசிவிடட்டும், விற்பனைப் பத்திரத்தில் பாக்கி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.